கத்திரி வெயிலில் ஒரு கழுத்துப்பட்டை

பெரம்பலூர் – அரியலூர் சாலையில் என் மகன் படிக்கும் பள்ளி. பெயர் வேண்டாம், இதே மாதிரிச் சீருடைப் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். அக்னி நட்சத்திரம் நடுவில், பெற்றோர் குழுவில் இரண்டு சீருடைப் படங்களைப் போட்டு, "எது வேண்டும் என்று மாலைக்குள் சொல்லுங்கள்" என்றார்கள். ஜனநாயகம்!

முதல் படத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, மேலே கையில்லாக் கோட்டு, டை, பெல்ட். இரண்டாவதில் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையும் அரைக்கால் சட்டையும். முதலாவது ஒரு செட் 2,900 ரூபாய், இரண்டாவது 1,350. முதல் படத்துப் பையன் சிரிக்கிறான். ஏசி ஸ்டுடியோவில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சட்டையை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்திருப்பது, முன்பக்கம் சுருக்கமே இல்லாமல் பலகை மாதிரி நிற்பதில் தெரிகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கை மடங்கும் இடத்தில் ஒரு மடிப்புக்கூட இல்லை, தோளில் பளபளப்பு. பருத்தி இப்படி நிற்காது, உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். பாலியஸ்டர் கசங்காது, வியர்வையையும் குடிக்காது. அது முதுகோடு வழிந்து இடுப்பு பெல்ட்டில் தேங்கும். அங்கேதான் வேர்க்குரு.

இரண்டாவது படமும் யோக்கியம் இல்லை. பாக்கெட்டின் கட்டம் சட்டையின் கட்டத்தோடு சேரவில்லை. துணியை மிச்சம் பிடித்து அவசரமாக வெட்டியதற்கு அது சாட்சி. பட்டன் பட்டியோரம் நூல் இழுத்துச் சுருங்கியிருக்கிறது. நாலு சலவையில் அது பல் இளிக்கும்.

உட்புறத்தின் படம் மட்டும் இல்லை. எங்கள் தெருத் தையல்காரரிடம் காட்டினேன். "வெளியே பாத்து என்னத்தச் சொல்றது சார்? அக்குள்ல ரெட்டைத் தையலா, ஓரத்துல ஓவர்லாக் அடிச்சிருக்கா, கால்ல ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விட்டிருக்கா, அதைப் பாக்கணும்" என்றார். அந்த இரண்டு அங்குலம் இருந்தால் வளரும் பிள்ளைக்கு அடுத்த வருடமும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அது இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் இன்னொரு 2,900.

பள்ளி அலுவலகத்தில் கெஞ்சி, முதலாவதின் துண்டுத் துணி ஒன்று வாங்கினேன். ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, தீக்குச்சி காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிந்த வாசனையும், தொட்டால் பொடியாகும் சாம்பலும் இருக்கும். இது உருகிச் சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றத்தோடு கறுப்பு மணியாக இறுகியது. நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. அந்த மணியைத்தான் என் பிள்ளை எட்டு மணி நேரம் உடுத்தப்போகிறான்.

வெட்கக்கேடு என்னவென்றால் இது பருத்தி விளையும் ஊர். பெரம்பலூர்க் கரிசலில் விளைந்த பஞ்சை மூட்டை கட்டி லாரியில் அனுப்பிவிட்டு, நம் பிள்ளைகளுக்குப் பெட்ரோலியத்திலிருந்து இழுத்த நூலைப் போர்த்துகிறோம்.

கணக்கும் போட்டேன். எட்டு வயதுப் பையனுக்குச் சட்டைத் துணி ஒன்றேகால் மீட்டர், அரைக்கால் சட்டைக்கு முக்கால் மீட்டர். பருத்தி மிகுந்த துணியே எங்கள் கடைத்தெருவில் 405 ரூபாய்க்கு முடிந்தது, தையற்கூலி 350. மொத்தம் 755. முதலாவதின் 2,900-இல் மிச்சம் 2,145 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? கையிலும் காலிலும் கொஞ்சம் கூடுதல் நீளம், ஒரு கோட்டு, ஒரு டை, ஒரு பெல்ட், பக்கத்து வீட்டுக்காரர் பார்வையில் ஒரு கெத்து.

இந்திய பார் கவுன்சில் விதிப்படி, கோடைக்காலத்தில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற நீதிமன்றங்களில் வழக்கறிஞர்களுக்குக் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. வாதாடத் தெரிந்தவர்களுக்கு வெயில் சுடும் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாதாடத் தெரியாது, ஆகவே அவனுக்குச் சுடாது!

மாலைக்குள் கட்டைவிரல்கள் குவிந்தன. "முதலாவது சூப்பர்", "செம லுக்". நான் துணியில் பருத்தி எத்தனை பங்கு என்று கேட்டேன். பதில் வரவில்லை. நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குழு மாறிவிட்டது.

நிர்வாகத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. தாளாளரும் முதல்வரும் அந்த முதல் படத்து உடையைத் தங்கள் அளவுக்குத் தைத்து, டையும் கட்டி, மதியம் ஒரு மணிக்கு மைதானத்தில் அரை மணி நேரம் நிற்கட்டும். அதற்குப் பிறகும் அதுதான் நல்ல சீருடை என்றால், 2,900 ரூபாயை நானே வரிசையில் நின்று கட்டுகிறேன்.