பிரேக்கில் கவிழ்ந்த வாத்தியார்

அறிவியலில் உதாரணம் தேடி அலைய வேண்டாத பாடம் ஒன்று உண்டென்றால் அது நிலைமம். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளிடம், "டிரைவர் சடன் பிரேக் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். வகுப்பே முன்னால் சாய்ந்து காட்டும். "அதுக்குப் பேர்தான் நிலைமம்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். நானும் அப்படித்தான் வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்தேன். பிள்ளைகளும் தேர்வில் மதிப்பெண் வாங்கினார்கள். ஆகவே எனக்குப் பாடம் தெரியும் என்று ஊரோடு சேர்ந்து நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் இரண்டாவது வரிசைப் பெண் ஒருத்தி. "சார், பிரேக் போட்டதும் என்னை முன்னால தள்ளுறது யாரு?"

"நிலைமம்தாம்மா."

"அப்ப நிலைமம் ஒரு விசையா சார்? எத்தனை நியூட்டன்?"

விசை என்றால் அதைக் கொடுக்க ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று முந்தின வாரம் முழங்கியது நான்தான். இப்போது பஸ்ஸுக்குள் அந்தப் பொருளைத் தேடினேன். பின்னால் நின்ற பயணியைத் தவிர யாரும் அகப்படவில்லை. "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். வாத்தியார்களைக் காப்பாற்றும் குலதெய்வ மந்திரம் அது. எனக்காக வாதாட ஒரு சமாதானமும் கைவசம் வைத்திருந்தேன்: 1687-இல் வந்த தன் நூலில் நியூட்டனே நிலைமத்தை ஒருவகை விசை என்றுதான் எழுதினார். ஆனால் பொருள் தன் நிலையை மாற்றவரும் விசையை எதிர்க்கும் தன்மையைத்தான் அவர் சொன்னார், யாரையும் முன்னால் தள்ளிவிடுவதை அல்ல. சமாதானம் செல்லவில்லை.

சரி, செய்தே காட்டிவிடலாம் என்று இறங்கினேன். முதலில் ஒரு சின்ன டிராலி, அதன்மேல் நின்றபடி ஒரு பிளாஸ்டிக் பொம்மை, இழுக்க ஒரு கயிறு. வேகமாக இழுத்துச் செங்கல்லில் மோதவிட்டால் பொம்மை முன்னால் விழ வேண்டும் என்பது திட்டம். கயிற்றைச் சுண்டியதுமே பொம்மை பின்னால் மல்லாந்தது. வகுப்பு கைதட்டியது. நான் பொம்மையை நிமிர்த்தி, "சாரி, மறுபடி பார்ப்போம்" என்றேன். பஸ் புறப்படும்போது பின்னால் சாய்கிறோமே, அந்தப் பாதிப் பாடத்தைப் பொம்மை இலவசமாக நடத்திக் காட்டியிருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

அப்புறம்தான் ஒழுங்கான வண்டி செய்தேன். முக்கால் மீட்டர் நீளப் பலகை, அடியில் நான்கு சக்கரங்கள், பலகையின் பின்முனையில் தட்டையாகப் படுத்த ஒரு மரக்கட்டை. பலகை பஸ், கட்டை பயணி. கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு சாரப் பலகை இரவல் வாங்கிச் சாய்தளமாக்கினேன். சாய்தளத்தில் வண்டியும் கட்டையும் ஒரே முடுக்கத்தில் இறங்குவதால் கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கயிறு சுண்டும் வம்பு இல்லை. தரையில் ஒரு மீட்டர் ஓடி வண்டி செங்கல்லில் மோதும். கட்டை மட்டும் பலகைமேல் முன்னோக்கிச் சறுக்கும். எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

வண்டி செங்கல்லில் பட்டுப் பின்னால் துள்ளினால் கணக்கு கெட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, காது சொல்லும். 'டக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் வண்டி நின்றுவிட்டது. 'டக்-டக்' என்று வந்தால் துள்ளிப்போய்த் திரும்ப வந்து இடித்திருக்கிறது. செங்கல்லைச் சுவரோடு ஒட்டி வைத்து, முகத்தில் ஈரக் களிமண்ணை அப்பியதும் ஒற்றைச் சத்தமானது.

10 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் வண்டி வினாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் வேகத்தில் வரும். கட்டை கிட்டத்தட்ட 25 செ.மீ. சறுக்கியது. அதைப் பக்கவாட்டிலிருந்து என் செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வண்டி நின்ற கணத்தில் கட்டை வேகம் கூடவே இல்லை. வந்த வேகத்திலேயே கிளம்பி, மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. "யாருமே தள்ளல சார். பலகைதான் அதைப் பின்னால இழுக்குது" என்றாள். உராய்வு விசை ஒன்றுதான் அங்கே கட்டையின் போக்கில் குறுக்கிட்டது, அதுவும் பின்னோக்கி. முன்னால் தள்ளும் விசையை நான் தேடிக்கொண்டிருந்ததால்தான் அகப்படவில்லை. பஸ்ஸுக்குள் இருக்கிறவனுக்குத்தான் தள்ளுவது போலத் தோன்றும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன் பார்த்தால், பஸ் நிற்கிறது, பயணி நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். வாத்தியார் புத்தி விடவில்லை. "நிறை கூடினால் நிலைமம் கூடும். அதனால் கனமான பயணி இன்னும் தூரம் போவார், பாருங்கள்" என்று ஜோசியம் சொல்லிவிட்டு, அதே மாதிரி இன்னொரு கட்டையின் தலையில் அரைக்கிலோ எடைக்கல்லை டேப் போட்டு ஒட்டி விட்டேன். அதுவும் 25 செ.மீ. வந்து நின்றது. மறுபடி விட்டேன். மறுபடியும் அங்கேதான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "கல்லுக்குச் சொல்லிக்குடுக்கலையா சார்?" என்றான்.

கல்லுக்குத் தெரிந்திருந்தது. நிறை மூன்று மடங்கானால் அதை நிறுத்துவது மூன்று மடங்கு கடினம், உண்மை. ஆனால் பலகையை அது அழுத்துவதும் மூன்று மடங்கு, ஆகவே உராய்வு விசையும் மூன்று மடங்கு. இரண்டும் சமன். கனத்த பயணியும் ஒல்லிப் பயணியும் ஒரே செருப்பு போட்டுக்கொண்டு சறுக்கினால் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள்.

அடுத்த சறுக்கல் இதைவிட மோசம், ஏனென்றால் அது வெற்றி மாதிரி வந்தது. "உயரத்தை இரண்டு மடங்காக்குகிறேன். வேகம் இரண்டு மடங்காகும். உந்தம் என்பது நிறையும் வேகமும் பெருக்கியது, அதுவும் இரண்டு மடங்கு. ஆகவே தூரம் 50 செ.மீ." என்றேன். 20 செ.மீ. உயரத்திலிருந்து விட்டேன். 50 செ.மீ.! சில்லறைப் பிசகோடு துல்லியம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் மட்டும் என் செல்போனைக் கேட்டு வாங்கி, பழைய வீடியோவையும் புதியதையும் மாற்றி மாற்றி ஓட்டினாள். தரையில் அந்த ஒரு மீட்டரைக் கடக்க முதலில் சுமார் 0.7 வினாடி, இப்போது சுமார் 0.5 வினாடி. வேகம் இரண்டு மடங்கானால் 0.35 அல்லவா வர வேண்டும்? வேகம் 1.4 மடங்குதான் கூடியிருந்தது. சாய்தளத்தில் வேகத்தை இரட்டிப்பாக்க உயரம் நான்கு மடங்காக வேண்டும். நான் செய்தது இரண்டு தப்பு: வேகம் இரட்டிப்பு என்றது ஒன்று, தூரம் உந்தத்தைக் காட்டும் என்றது இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்து, சரியான விடையை என் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தன.

சறுக்கிய தூரம் சொல்வது இயக்க ஆற்றலை. வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்கு. பஸ்ஸின் பிரேக் தூரமும் இதே கணக்குதான்: மணிக்கு 60 கி.மீ.இல் போகிற பஸ் நிற்க, 30-இல் போவதைப்போல நான்கு மடங்கு சாலை வேண்டும். உந்தம் வெளிப்படுவது நேரத்தில். ஒரே விசை எதிர்க்கும்போது உந்தம் இருமடங்கானால் நிற்க எடுக்கும் நேரமும் இருமடங்கு. நோட்டில் எழுதியதை அடிக்கச் சொன்னேன். பேனாவால் எழுதியிருந்தார்கள்.

உந்தத்தைக் கண்ணால் காட்ட அப்புறம் ஒரு வழி அகப்பட்டது, தையல் நூல். கட்டையை நூலால் பலகையின் பின்முனையோடு கட்டிவிட வேண்டும். நூல்தான் பயணியின் கை. நூல் தேர்வில் பொறுமை தேவை. ஒற்றை நூல் இரண்டு கட்டைக்கும் அறுந்தது, சணல் இரண்டையும் தாங்கியது. நூலை இரட்டையாக்கி, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்ததில், வெறும் கட்டையைத் தாங்கி, எடைக்கல் கட்டைக்கு அறுகிற ஓர் இடம் வந்தது. அதே கல்கட்டையை, நூலின் நடுவில் ஒரு ரப்பர் பேண்ட் முடிந்து விட்டால் நூல் அறுவதில்லை. போக்க வேண்டிய உந்தம் அதேதான். ரப்பர் நீளும்போது நேரம் நீள்கிறது, விசை குறைகிறது.

இதையே பஸ்ஸில் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். 40 கிலோ மாணவிக்கு உந்தம் 400. பஸ் 2 வினாடியில் நின்றால் அவள் கையும் காலும் சேர்ந்து 200 நியூட்டன் கொடுக்க வேண்டும். 20 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிப் பிடிக்கிற அளவு. 80 கிலோ வாத்தியாருக்கு அது 400.

மிச்சம் இருந்த சந்தேகம், பஸ்ஸில் நாம் சறுக்குவதில்லையே, கவிழ்கிறோமே என்பது. படுத்த கட்டையை நட்டமாக நிறுத்தி விட்டோம். 20 செ.மீ. உயரம், 5 செ.மீ. அடி. சறுக்காமல் அப்படியே தலைகுப்புற விழுந்தது. அடிப்பாகம் பிடித்துக்கொள்கிறது, மேல்பாகம் போய்க்கொண்டே இருக்கிறது. மனிதனும் அந்த ஜாதிதான். ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில். அதற்கு முன்னால் கால்விரல் நுனிவரை ஆதாரம் 12 செ.மீ. போல. இந்த விகிதப்படி, ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டருக்கு மேல் குறைய ஆரம்பித்தாலே, அசையாமல் நிற்கிறவர் கவிழ்வார். நம் 36 கி.மீ. பஸ் நிதானமாக எட்டு வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு நின்றால்தான் கைவிட்டு நிற்க முடியும். இரண்டு வினாடி பிரேக்கில் ஒவ்வொரு வினாடியும் குறைவது வினாடிக்கு 5 மீட்டர். அதற்கு ஒரு கால் அரை மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். காலை ஊன்றி வைத்துக்கொள்ளக்கூட இடமில்லாத பஸ்ஸில் அது நடக்காது.

ஆகவே நின்றுகொண்டு போகிறவர்கள் பக்கவாட்டில் அல்ல, பஸ் போகிற திசையில் ஒரு காலை முன்னே வையுங்கள். கம்பியைப் பிடியுங்கள், முழங்கையைக் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். அதுதான் நூலின் நடுவில் இருக்கிற ரப்பர்.