கூத்தாடி இரண்டுபட்டால்

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கிலாந்தில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். அங்கே கூத்தாடிகள் இரண்டுபட்டார்கள், பிறகு ஒன்றுபட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஊர் பணம் கட்டியது.

மான்செஸ்டரில் பர்னேஜ் என்ற பகுதியில், நகராட்சி வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி நோயல் கேலகரும் லியாம் கேலகரும். அண்ணன் பாட்டு எழுதுவார், தம்பி பாடுவார், மிச்ச நேரத்தில் அடித்துக்கொள்வார்கள். அதுதான் ஒயாசிஸ் ராக் குழு. 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் ஓர் இசை விழா. மேடையேற வேண்டிய நேரத்தில் திரைக்குப் பின்னால் சண்டை முற்றி, கிட்டார் உடைந்து, அண்ணன் வெளியேறினார். 2024 ஆகஸ்ட் 27 அன்று மறுபடி சேர்வதாக அறிவித்தார்கள். பதினைந்து வருஷம் நிறைய ஒரே நாள் பாக்கி. அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுப் பதிப்பும் அதே வாரம் கடைக்கு வந்தது. ரத்த பாசத்துக்கு நல்ல நாட்காட்டி இருந்திருக்கிறது.

டிக்கெட்டுக்கு எத்தனை பேர் முண்டியடித்தார்கள்? டிக்கெட் கேட்டு வரிசையில் நின்றவர்கள் 158 நாடுகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேல் என்றார்கள் அமைப்பாளர்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்குமாக இருந்தவை சுமார் 14 லட்சம் டிக்கெட். பொருளாதாரம் படித்தவர் உடனே சொல்வார்: கேட்பவர் அதிகம், சரக்கு குறைவு, விலை ஏறத்தான் செய்யும், இதில் கோபப்பட என்ன இருக்கிறது?

இருக்கிறது. 1996 ஆகஸ்டில் இதே குழு நெப்வொர்த் என்ற இடத்தில் இரண்டு இரவு பாடியது. கூடியவர்கள் இரண்டரை லட்சம் பேர். டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 25 லட்சத்துக்கு மேல். பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் இடம். அன்றைய டிக்கெட் 22 பவுண்ட் 50 பென்ஸ். பத்து மடங்கு கூட்டம் கதவைத் தட்டியும் விலை நகரவில்லை. அன்றைக்கும் கிராக்கி இருந்தது. அதை வாடிக்கையாளர் தலையில் கட்டும் தைரியம்தான் இல்லை.

அந்தத் தைரியம் எப்போது வந்தது? அன்று விண்ணப்பித்தவனுக்குப் பதினெட்டு வயது. அவன் பையில் அதற்கு மேல் காசு கிடையாது. பிழிந்தாலும் வராது. கச்சேரி பார்த்துவிட்டுப் போகிறவன் கேசட்டும் சிடியும் வாங்குவான், லாபம் அதில் இருந்தது. இன்று பாட்டு போனில் கிட்டத்தட்ட இலவசம், காசு மேடையில் மட்டும்தான். அந்தப் பதினெட்டு வயசுக்காரனுக்கு 2024-ல் நாற்பத்தாறு. சம்பளம் வருகிறது, கடன் அட்டை இருக்கிறது, முழங்கால் வலிக்கிறது, அழைத்துப்போகப் பிள்ளையும் இருக்கிறது. இவர்கள் எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடித்துக்கொண்டு பிரியலாம் என்ற பயமும் அவனுக்கு உண்டு. விலைவாசி ஏற்றத்தை முழுசாகச் சேர்த்தாலும் அன்றைய 22.50 இன்றைக்கு 45 பவுண்டை ஒட்டித்தான் வரும். அதற்கு மேல் அவன் கட்டுவதெல்லாம் பாட்டுக்கு அல்ல. தன் பதினெட்டாவது வயதுக்கு அவனே கட்டும் வாடகை.

வாடகை வசூலித்த அழகைப் பாருங்கள். ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து நம் நாற்பத்தாறு வயசுக்காரர் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட்மாஸ்டர் தளத்தில் அவருக்கு முன்னால் லட்சக்கணக்கான பேர். எழுந்து போனால் இடம் போய்விடும் என்று கழிப்பறைக்குக்கூட மனைவியைக் காவல் வைத்துவிட்டுப் போகிறார். அன்று சிலரை நீ மனிதனே இல்லை, இயந்திரம் என்று சொல்லி வரிசையிலிருந்தே தள்ளிவிட்டது தளம். இவர் தப்பித்தார். பல மணி நேரம் கழித்துக் கதவு திறக்கிறது. காலையில் 135 பவுண்டும் கட்டணமுமாக, ஏறத்தாழ 150 என்றிருந்த நின்று பார்க்கும் டிக்கெட், இப்போது 355 பவுண்ட் 20 பென்ஸ். அதே தரை, அதே நெரிசல், நிற்கப்போவதும் அதே முழங்கால். பக்கத்தில் ஒரு வார்த்தை மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது: ‘கிராக்கி உள்ளது’. எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய அவகாசம் சில நிமிஷம். ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்றவன் வெறுங்கையோடு திரும்புவானா? அந்த வரிசையே அவன் கழுத்தில் போட்ட கயிறு. அவனுடைய ஆசையை அவனுக்கே விற்றார்கள்.

விலையை ஏற்றியது கணினிச் சூத்திரம்தான் என்று உலகமே திட்டியது. பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையம் விசாரித்தது. கூட்டத்தைப் பார்த்து நொடிக்கு நொடி விலையேற்றிய சூத்திரம் எதுவும் அதற்குத் தென்படவில்லை. நின்று பார்க்கும் டிக்கெட்டுக்கு இரண்டு விலை இருந்தது. மலிவானது தீர்ந்ததும் அடுத்ததைத் திறந்தார்கள். வரிசையில் நின்றவர்களிடம் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘பிளாட்டினம்’ என்று பெயர் சூட்டிய இருக்கைகள் சாதாரண விலையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்குக்குப் போயின. கூடுதல் வசதி எதுவும் அதில் இல்லை என்பதும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. நம் ஊர் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்பவர் இவர்களைவிட யோக்கியர். விலையை முதலிலேயே காதில் சொல்லிவிடுவார், போலீஸைக் கண்டால் ஓடவும் செய்வார்.

இவர்கள் ஏன் ஓட வேண்டும்? ஒரு வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில் ஆணையம் டிக்கெட்மாஸ்டரிடம் பெற்றது அபராதம் அல்ல, உறுதிமொழி. இரண்டு விலை வைத்தால் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிடுவார்களாம். கொள்ளையை நிறுத்தச் சொல்லவில்லை, முன்கூட்டித் தண்டோரா போடச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் தம்பி என்ன சொன்னார்கள்? டிக்கெட், விலை எல்லாம் அமைப்பாளர்கள், நிர்வாகிகள் பாடு, இப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது என்று அறிக்கை வந்தது. எந்த மேடை விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு டிக்கெட் விலை மட்டும் தெரியவில்லை. வட அமெரிக்கச் சுற்றில் விலையேற்றும் முறை வேண்டாம் என்று நிறுத்தவும் செய்தார்கள். அதாவது, வேண்டாம் என்றால் நிற்கும்.

நிற்கும் என்பதற்கு 2023-லேயே ஒரு சாட்சி உண்டு. தி கியூர் என்ற குழுவின் ராபர்ட் ஸ்மித், விலை ஏறுகிற டிக்கெட்டும் வேண்டாம், பிளாட்டினமும் வேண்டாம் என்று சொல்லி, சில இடங்களில் 20 டாலருக்கே டிக்கெட் விற்றார். தளத்தின் கட்டணங்கள் சேர்ந்து சிலருக்கு டிக்கெட் விலையையே தாண்டின. அவர் பொதுவெளியில் சத்தம் போட்டார். மலிவு டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திரும்பி வந்தன. ஒரு பாடகர் வாயைத் திறந்ததற்கே அவ்வளவு. நெப்வொர்த் நடந்த அதே 1996-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் மறுபடி சேர்ந்தபோது சுற்றுப்பயணத்துக்கு ‘ஈனக் காசு’ என்றே பொருள்படப் பெயர் வைத்தார்கள். அதுவும் ஒரு நேர்மை. காசுக்கு வந்தோம், கட்டினால் உள்ளே வா.

2025 ஜூலை 4, கார்டிஃப். அண்ணனும் தம்பியும் கைகோத்து மேடைக்கு வந்தார்கள், அரங்கமே உருகியது. நம் நாற்பத்தாறு வயசுக்காரரும் அழுதார். அவர் அழுகை பொய்யல்ல. மனைவிக்குத்தான் இன்னும் சந்தேகம், அது பாட்டுக்கு அழுததா, 355 பவுண்டுக்கு அழுததா என்று. கேட்டால் சொல்ல மாட்டார். அடுத்த முறை இவர்கள் பிரிந்தால் மட்டும் பதறுவார். அண்ணன் தம்பி உறவுக்காக அல்ல, பதினைந்து வருஷம் கழித்து வரப்போகும் பில்லுக்காக.