மண்டப வாசலில் முறை சொல்லி அழைத்தல்: ஓர் ஆய்வு

கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்பவர் எதிர்கொள்ளும் கேள்விகளில் கடினமானது ஒன்றுதான்: "என்னய்யா, என்னத் தெரியுதா?" கேட்பவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். முகம் தெரியும், ஊர் தெரியும், முறைதான் தெரியாது. இக்கட்டுரை அந்த விநாடியை ஆராய்கிறது.

அடிப்படைச் சூத்திரம் எளியது. வந்தவரை நம் அப்பா எப்படிக் கூப்பிடுகிறார் என்று பார்க்க வேண்டும். அண்ணன் என்றால் நமக்குப் பெரியப்பா, தம்பி என்றால் சித்தப்பா, மச்சான் என்றால் மாமா. அப்பாவே மாமா என்றோ சித்தப்பா என்றோ அழைத்தால் நமக்குத் தாத்தா. அம்மா வழிக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட நூலில், செவ்விந்தியரான செனிக்கா மக்களின் உறவுமுறையும் தமிழரின் உறவுமுறையும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்திருக்கிறார். மண்டப வாசலில் அவரை நிறுத்தியிருந்தால் வியப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

ஏனெனில் சூத்திரம் ஒருவருக்கு ஒரு வழியில்தான் உறவு என்று நம்புகிறது. சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்த குடும்பங்களில் அப்படி யாரும் இருப்பதில்லை. மதுரைப் பக்கத்து மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலில் நிற்பவருக்கு வயது 38. அவருடைய அப்பா ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. மூத்த அத்தை தலைப்பிள்ளை பெற்று நாலு வருஷம் கழித்துத்தான் அப்பாவே பிறந்தார். அந்தத் தலைப்பிள்ளைதான் இப்போது வேட்டி தடுக்காமல் பிடித்தபடி படியேறி வருகிறார், வயது 72. அப்பாவை விட மூத்த இவர், அப்பாவை மாமா என்று கூப்பிடுகிறவர். ஆகவே நிற்பவருக்கு இவர் அத்தை மகன், அத்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் ஆய்வுக்கு வேலையில்லை. இவர் கட்டியிருப்பது நிற்பவருடைய அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவை. மருமகன் முதலில் அக்காவைக் கட்ட, பிறகு மாமன் தங்கையைக் கட்டியதால் இருவரும் சகலைகள் ஆனார்கள். முறை பிசகுதே என்று அன்றைக்கே பெரியவர்கள் முனகினார்களாம். ஜாதகம் பொருந்தியதால் முனகல் அடங்கியது. அம்மா வழியில் பார்த்தால் இவர் பெரியப்பா.

அத்தானா, பெரியப்பாவா? எந்த உறவு கிட்டத்துச் சொந்தமோ அதைச் சொல் என்பது வழக்கமான தீர்ப்பு. அப்படிப் பார்த்தால் அத்தான்தான் வெல்லும். ஆனால் பல்செட் கட்டிய பெரியவரை "வாங்க அத்தான்" என்று கூப்பிட வாய் வருவதில்லை. 'வாங்க' எவ்வளவு நீண்டாலும் 'அத்தான்' அதைக் கேலியாக்கிவிடுகிறது. இங்கே பலர் கையாளும் உத்தி, முறையே சொல்லாமல் "வாங்க வாங்க, எப்ப வந்தீங்க, சாப்டீங்களா" என்று சமாளிப்பது. இது செல்லாது. இருபதாண்டு கல்யாணங்களில் பந்தி விசாரித்த அந்தப் பெரியவர் இதை மூன்றாவது 'வாங்க'விலேயே கண்டுபிடித்து, "மொதல்ல மொறயச் சொல்லிக் கூப்பிடுய்யா" என்பார்.

அவர் பிடிவாதத்தில் நியாயம் உண்டு. முறை என்பது ஒருவரோடு நிற்பதில்லை. அவர் அத்தான் என்றால், பின்னால் வரும் அவர் மனைவி அக்கா ஆகிறார். பெரியப்பா என்றால் பெரியம்மா. அவரை அத்தான் என்றும் அந்த அம்மாளைப் பெரியம்மா என்றும் அழைப்பது, இருவருக்கும் நல்லதுதானே என்று தோன்றும். நடைமுறையில் பலர் செய்வதும் அதுவே. ஆனால் கணக்குப்படி அப்போது அத்தை மகன் நம் தாய் முறைப் பெண்ணைக் கட்டியிருப்பதாக ஆகும். மகளிடம் வரும்போது விவகாரம் முற்றுகிறது. அத்தான் மகள் மருமகள், கட்டிக்கொள்ளும் முறை. பெரியப்பா மகள் தங்கை, நினைத்தாலே பாவம். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் நடுவே களப்பணி செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், திராவிட உறவுச் சொற்கள் திருமண ஏற்பாட்டின் வெளிப்பாடு என்று 1953இல் எழுதினார். இதையே மண்டபத்தில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எந்த அப்பத்தாவும், "கூப்பிடுறதுலதாண்டா இருக்கு, யாருக்கு யாரக் கட்டலாம்னு" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

நிற்பவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே, எந்த முறையானால் என்ன என்று கேட்கலாம். பெரியவரின் மகளும் வந்திருக்கிறார், ஆறு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. மகள் தங்கை என்றால் பையனுக்கு நிற்பவர் மாமா. மகள் மருமகள் என்றால், பையன் பன்னீர் வாங்கிக்கொண்டு 38 வயதுக்காரரை அத்தனை பேர் முன்னிலையில் "தாத்தா" என்று கூப்பிடுவான். முறைப்படி அதைத் தடுக்க யாராலும் ஆகாது. ஆகவே கிட்டத்துச் சொந்தம் பற்றிய வாதங்களையெல்லாம் நன்கு பரிசீலித்த பின், "வாங்க பெரியப்பா" என்பதே அறிவியல்பூர்வமானது என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.