குடை பிடித்த அம்மி

பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, எட்டு எழுத்துக்குக் குறையாமல். புரோகிதர் எழுதித் தரும் ஹோமச் சாமான் பட்டியல் மாதிரி இருக்கும் இந்த நிபந்தனைக்கு நம் மக்கள் கண்டுபிடித்த பதில், Murugan@123. அசைவம் விற்பதால் முருகன் ஒத்துவராத தளங்களில் Chennai@2024. மூன்று மாதம் கழித்து 'பாஸ்வேர்டை மாற்று' என்று தளம் அதட்டினால் Chennai@2025. நிபந்தனை நிறைவேறியது. ஆனால் எந்தத் தளத்தில் முருகன், எந்தத் தளத்தில் சென்னை என்பதுதான் ஞாபகம் இருப்பதில்லை.

இந்த நிபந்தனைகள் உலகம் முழுக்கப் பரவ ஒரு முக்கியக் காரணம், பில் பர் என்ற அமெரிக்கர். அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் வேலை பார்த்த அவர், 2003இல் ஒரு வழிகாட்டி எழுதினார். மக்கள் நிஜத்தில் வைக்கும் பாஸ்வேர்டுகள் எப்படி இருக்கும் என்று பார்க்க அவரிடம் போதிய தரவு இல்லை. 1980களில் எழுதப்பட்ட பழைய ஆவணம் ஒன்றை நம்பித்தான் எழுதினார். 2017இல், ஓய்வு பெற்று எழுபது வயதைத் தாண்டிய பிறகு, தான் செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் விதியைத் திருத்தியது: சிறப்புக் குறி கட்டாயம் வேண்டாம், சும்மா சும்மா மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமாக வைக்க இடம் கொடுங்கள். நம் ஊர்த் தளங்கள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நீளம் ஏன் முக்கியம்? திருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரு தளத்திலிருந்து பாஸ்வேர்டுகளின் உருமாற்றிய வடிவங்கள் மொத்தமாகத் திருடு போகும். அவற்றை அவன் தன் கணினியில் வைத்து ஓட்டுவான். தளம் பழைய, அவசரமான முறையில் உருமாற்றியிருந்தால், கேம் விளையாட வாங்கும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டே விநாடிக்குப் பத்தாயிரம் கோடி ஊகங்களைச் சோதித்துவிடும். அந்த வேகத்தில், கண்டபடி அமைந்த எட்டு எழுத்து பாஸ்வேர்டு ஒரு நாளுக்குள் விழும். Murugan@123க்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. பெயர், அதன் முதலெழுத்து பெரிது, பிறகு ஒரு @, கடைசியில் எண் என்ற அச்சு அவன் முதலில் முயலும் வரிசையிலேயே இருக்கும்.

இதற்கு மாற்றை ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995இலேயே சொல்லிவிட்டார். 7776 எளிய சொற்களுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல். ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். ஆறை ஐந்து முறை பெருக்கினால் 7776 வருவதால்தான் அந்தக் கணக்கு. நான்கு சொற்கள் என்றால் மேலே சொன்ன வேகத்தில் பத்து மணி நேரம் தாங்கும். ஐந்து என்றால் ஒன்பது ஆண்டு. ஆறு சொற்கள் என்றால் எழுபதாயிரம் ஆண்டு. ஒரே ஒரு சொல் கூடினால் திருடனின் வேலை 7776 மடங்கு கூடுகிறது. நமக்கோ ஒரு சொல்தான் கூடுதல் பாரம்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே செய்ய முனைந்தார். முப்பது ஆண்டு பிறர் பணத்தைப் பூட்டி வைத்தவர், தன் மின்னஞ்சலைத் திறக்க வாரம் ஒருமுறை 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' அழுத்துகிறவர். முதலில் அலமாரியிலிருந்து தாயக்கட்டையை எடுத்தார். அது நான்கு முகம், இங்கே உதவாது. பேரனின் லூடோ பெட்டியிலிருந்து பகடை வந்தது. ஆங்கிலப் பட்டியல் வேண்டாம், தமிழ் அகராதியே போதும் என்று முடிவானது. ரூபாய் நோட்டின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கம், பக்க எண். அந்தப் பக்கம் அகராதியில் இல்லையென்றால் அடுத்த நோட்டு. பகடையில் விழும் எண், மேலிருந்து எத்தனையாவது சொல் என்பது. தெரியாத சொல்லாக இருந்தால் அதற்குக் கீழே முதலில் வரும் தெரிந்த சொல். இந்தச் சலுகையெல்லாம் போக, ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம் சொற்களில் ஒன்று விழுகிறது என்று கஞ்சத்தனமாகவே கணக்கிட்டாலும், ஆறு சொற்கள் இருபது ஆண்டு தாங்கும். நிதானமான முறையில் உருமாற்றும் நல்ல தளங்களில் அது பல்லாயிரம் மடங்காகும்.

அகராதியை மனைவி பிரித்துப் படித்தார், கணவர் எழுதினார். விழுந்தது இப்படி (அச்சில் வருவதால் அசல் சொற்களுக்குப் பதில் வேறு சொற்கள், இதை யாரும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாம்):

```
kudai ammi nari kazhudai padagu kinaru
```

இடைவெளியோடு 38 எழுத்து. மேலாளருக்கு நரி பிடிக்கவில்லை. "இன்னொரு தரம் உருட்டுவோமா?" என்றார்.

"ஏங்க, பிடிச்ச சொல் வர்ற வரைக்கும் உருட்டினா அப்புறம் பகடை எதுக்கு? கடைசியில பேரன் பேர்லதான் வந்து நிப்பீங்க" என்றார் மனைவி.

அந்த அம்மாள் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. மனிதன் தானே தேர்ந்தெடுக்கும் சொற்கள் ஒன்றையொன்று இழுத்து வரும். அம்மி என்றால் உரல், நரி என்றால் காக்கை. சினிமாப் பாட்டின் பல்லவியோ குறளோ வைத்தால் நீளம் இருக்கும், பாதுகாப்பு இருக்காது. பாஸ்வேர்டு உடைப்பவர்கள் விக்கிபீடியா, பைபிள், பாடல் வரிகள் என்று கிடைத்ததையெல்லாம் அள்ளித் தங்கள் பட்டியலில் போட்டு வருடங்களாகிவிட்டன. 1330 குறளும் ஒரு கணினிக்குக் கண் சிமிட்டும் நேரத்து வேலை.

நரி தங்கியது. ஆனால் கழுதை தகராறு செய்தது. அதை ஆங்கில எழுத்தில் kazhudai என்பதா, kaluthai என்பதா, kazhuthai என்பதா? மூன்று நாள் கழித்து விரல் வேறு கழுதையைத் தட்டினால் தளம் திறக்காது. அதனால் குழப்பும் சொற்களுக்கு அங்கேயே ஒரு எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, தாளில் எழுதி, பீரோவில் வைத்துவிட்டார்கள். தமிழ் எழுத்திலேயே அடித்தால் என்ன என்று கேட்கலாம். எல்லாக் கணினியிலும் தமிழ் விசைப்பலகை இருக்காது. போதாக்குறைக்கு, பரவலாகப் பயன்படும் பிகிரிப்ட் என்ற உருமாற்று முறை 72 பைட்டுக்கு மேல் கண்டுகொள்வதில்லை. தமிழில் 'கு' எழுதினால் ககரத்துக்கு மூன்று, கொம்புக்கு மூன்று என ஆறு பைட்டு போய்விடும். கிணறு முழுதாக வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும்.

ஞாபகத்துக்கு மேலாளர் ஒரு கதை கட்டினார்: குடை பிடித்த அம்மி, ஒரு நரியைக் கழுதைமேல் ஏற்றி, படகில் கிணற்றுக்குள் போகிறது. அர்த்தமில்லாத கதைதான் மறக்காமல் நிற்கிறது. முதல் சில நாட்கள் தினமும் தாளைப் பார்க்காமல் அடித்துப் பழகினார். தப்பில்லாமல் வந்ததும் தாளைக் கிழித்துவிட்டார்.

தடைகள் இன்னும் இருக்கின்றன. சில தளங்கள் பதினைந்து எழுத்துக்கு மேல் ஏற்காது. அங்கே இந்த வித்தை செல்லாது. பெரிய எழுத்தும் எண்ணும் கேட்டு அடம்பிடிக்கும் தளத்தில் முன்னால் K, பின்னால் 1! போட்டால் அது சமாதானமாகும், வலிமை பெரிதாகக் கூடாது. நாற்பது தளங்களுக்கு நாற்பது கதை கட்டவும் முடியாது, ஒரே கதையை நாற்பதிலும் வைக்கவும் கூடாது. ஒரு தளம் விட்டுக்கொடுத்தால் எல்லாம் போகும். ஆகவே மேலாளர் இரண்டு வரிசைகளோடு நிறுத்திக்கொண்டார். ஒன்று மின்னஞ்சலுக்கு. மற்றொன்று பாஸ்வேர்டு மேனேஜருக்கு. மீதித் தளங்களுக்கு யாரும் நினைவில் வைக்க முடியாத பாஸ்வேர்டுகளை அந்த மேனேஜரே உருவாக்கி வைத்துக்கொள்கிறது.

போனில் 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று கேட்பவரிடம் ஒப்பித்துவிட்டால் ஆறு சொல்லும் வீண் என்பது மேலாளருக்கு நன்றாகத் தெரியும். அதனால் யார் கேட்டாலும் சொல்வதில்லை என்று உறுதியாக இருக்கிறார். மனைவியிடமும் சொல்வதில்லை. அகராதியைப் படித்துச் சொன்னதே அவர்தான் என்பதை அந்த அம்மாளும் இதுவரை ஞாபகப்படுத்தவில்லை.