சித்தப்பா சொன்னதும் போன் கேட்டதும்

கையால் தட்டிய பிழை பார்த்தாலே தெரியும். ‘வணககம்’ என்றிருந்தால் ஒரு புள்ளி விழவில்லை, அவ்வளவுதான். குரலைக் கேட்டு எழுதும் போன் அப்படி அகப்படாது. காதில் விழாத சொல்லுக்குப் பதிலாக அகராதியில் உள்ள வேறொரு நல்ல சொல்லைக் கொண்டுவந்து உட்காரவைக்கும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கும் அழையாத விருந்தாளி மாதிரி. யாரும் எழுப்ப மாட்டார்கள், இலையும் போட்டுவிடுவார்கள்.

எங்கள் சித்தப்பாவின் இளைய மகனுக்குப் புனேயில் பெண் எடுத்தோம். கல்யாணம் இங்கே, அம்பையில். சம்பந்திக்குத் தமிழ் தெரியாது, சித்தப்பாவுக்கு மராத்தி தெரியாது. ஆகவே சித்தப்பா போனில் தமிழில் சொல்வார், அது எழுத்தாகி எனக்கு வரும், நான் ஆங்கிலமாக்கி அனுப்ப வேண்டும். ஒரு நாள் வந்தது இது:

“வணக்கம் சம்பந்தி எல்லாரும் சௌக்கியமா பெரியவன் வந்தா மண்டபத்துல பேசிட்டா முன்பணம் கொடுத்தா ரசீது என்கிட்ட இருக்கு இரு 150 பேர் உக்காரலாம் என்னங்க கேஸ் வந்திருக்கு சிலிண்டரை எங்க வைக்க அடுப்படியில வை நீங்க சீர் எதுவும் கொண்டு வர வேணும் அப்பா கட்டு 20 நாங்களே வாங்கி வச்சிருக்கோம் அன்பை ஸ்டேஷன்ல வண்டி நிக்கும் ஃபுல் ஸ்டாப்”

இதை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. பார்த்தேன். அழகான ஆங்கிலத்தில், பெரியவன் வந்து பேசி முன்பணமும் கொடுத்தால் ரசீது என்னிடம் இருக்கும், கொஞ்சம் இருங்கள், 150 பேர் உட்காரலாம், சிலிண்டரை அடுப்படியில் வையுங்கள், சீர் கொண்டுவந்தே ஆக வேண்டும், தகப்பனார் இருபது கட்டு வாங்கியாயிற்று என்று வந்தது. ஆபத்து இங்கேதான். தமிழில் இருக்கும்வரை பிழை கொஞ்சமாவது முட்டிக்கொண்டு நிற்கும். ஆங்கிலம் இஸ்திரி போட்டு அந்தச் சுருக்கத்தையும் எடுத்துவிடும். அப்புறம் யார் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. திருத்துவதைத் தமிழிலேயே முடித்துவிட வேண்டும்.

முதல் வேலை, உரக்கப் படிப்பது. கண் எழுத்தைப் பார்க்கும். போன் கேட்டது ஓசையை. ‘அப்பா கட்டு’ என்று வாய்விட்டு இரண்டு தரம் சொன்னால் மூன்றாம் தரம் ‘அப்பளக் கட்டு’ தானே வந்துவிடும். பக்கத்திலேயே கல்லிடைக்குறிச்சி இருக்கும்போது எங்கள் ஊரில் வேறு எதைக் கட்டுக் கட்டாக வாங்குவார்கள்? ‘அன்பை’ அம்பை என்பதும் அப்படியே பிடிபட்டது. போனுக்கு எங்கள் ஊரைவிட அன்பு அதிகம் பழக்கம். நீளமான சொற்களில் அது அவ்வளவாகத் தடுக்கி விழுவதில்லை. குட்டிச் சொற்களிலும் உள்ளூர்ப் பெயர்களிலும்தான் விழும்.

அடுத்து வாக்கியம் பிரிப்பது. தமிழில் வினை கடைசியில் வருவதால் ‘இருக்கு’, ‘உக்காரலாம்’, ‘வச்சிருக்கோம்’ என்று முடிகிற இடத்தில் கோடு போட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்படிக் கோடு போட்டபோதுதான் சித்தி அகப்பட்டாள். ‘என்னங்க’ தொடங்கி ‘அடுப்படியில வை’ வரை சித்தப்பா வீட்டுச் சமாச்சாரம். ‘ஃபுல் ஸ்டாப்’ சித்தப்பா முற்றுப்புள்ளி வைக்கச் சொன்ன உத்தரவு. இரண்டையும் எடுத்தாயிற்று. சித்தியை எடுத்தது சித்திக்குத் தெரியாது.

இனிதான் உயிர்நாடி. வந்தான், வந்தாள், வந்தால் என்று எழுத்தில் மூன்று உண்டு. பேச்சில் ளகரமும் லகரமும் உதிர்ந்துவிடும். ‘வந்தான்’ மட்டும் கடைசியில் கொஞ்சம் மூக்கில் ஒலிக்கும். மின்விசிறி ஓடுகிற அறையில், போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பேசினால் முதலில் காணாமல் போவது அந்த மூக்கொலிதான். மூன்றும் ‘வந்தா’ ஆகிவிடும். மண்டபம் பேசியாயிற்றா, இனிமேல் பேசினால் உண்டா என்கிற கேள்வி ஒரு னகரத்தில் தொங்குகிறது.

இதற்கு இலக்கணமே சாட்சி சொல்லும். ‘வந்தால்’ என்பது தனியாக நிற்காது, சாய்ந்துகொள்ள ஒரு வினை வேண்டும்: வந்தால் தருவேன், வந்தால் போவோம். இங்கே ‘வந்தா, பேசிட்டா, கொடுத்தா’ என்று மூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். சாய்வதற்கு அடுத்து இருப்பது ரசீது. அதுவோ ‘இருக்கு’ என்கிறது, ‘இருக்கும்’ என்று சொல்லவில்லை. பணம் கட்டாமல் ரசீது ஏது? பெரியவன் ஆண்பிள்ளை என்பதால் வந்தாள் என்பதும் அடிபட்டது. ஆக வந்தான், பேசிவிட்டான், கொடுத்தான்.

சீர் விஷயத்திலும் இதே வழிதான். ‘எதுவும் கொண்டு வர வேணும்’ என்று எந்தத் தமிழனும் பேச மாட்டான். அந்த இடத்தில் ‘எதுவும்’ வந்தால் பின்னாலேயே ஒரு இல்லையோ வேண்டாமோ வர வேண்டும். ‘வேணாம்’ என்றது ‘வேணும்’ ஆகிவிட்டது. ஒரு நெடில் குறிலானதில் வரதட்சிணைக் கேஸ் ஆகியிருக்கும்.

‘இரு 150’ என்பது இருநூத்தம்பது. ‘இரு’வைத் தனியாக வெட்டிவிட்டு மிச்சத்தை இலக்கமாக்கியிருக்கிறது.

என்றாலும் பணம், எண், வேண்டாம் மூன்றையும் இலக்கணத்தை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது. கீபோர்டு வழியாகச் சொல்லி எழுதினால் திரும்பக் கேட்பதற்குக் குரல் பதிவு ஏதும் அரட்டையில் மிஞ்சாது. சொன்னவரைத்தான் கேட்க வேண்டும். அதிலும் படித்துக்காட்டி “சரியா சித்தப்பா?” என்று கேட்டால் பயனில்லை. சொன்னவர் காதில் அவர் நினைத்ததுதான் விழும். ‘வேணும்’ என்று நான் படித்தாலும் “சரியாத்தானடே இருக்கு” என்பார். கேள்வியை மாற்றினேன்.

“சித்தப்பா, சீர் வேணுமா வேண்டாமா?”

“என்னடே கேக்க? நாம என்னைக்குச் சீர் கேட்டோம்?”

“மண்டபத்துக்குப் பணம் கட்டியாச்சா?”

“கட்டியாச்சுன்னு சொன்னேம்லா!”

“ஸ்டேஷன்ல வண்டி நிக்கும்னா ரயிலா, காரா?”

“வேன்டே. நம்ம வேன்.”

கடைசிக் கேள்விக்கு போன் பொறுப்பில்லை. அது சரியாகத்தான் எழுதியது. நம் ஊரில் ரயிலும் வண்டி, வேனும் வண்டி, இரண்டும் நிற்கும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது.

முடிவில் தமிழ் இப்படி நின்றது: “வணக்கம் சம்பந்தி. எல்லாரும் சௌக்கியமா? பெரியவன் வந்தான், மண்டபத்துல பேசிட்டான், முன்பணம் கொடுத்தான். ரசீது என்கிட்ட இருக்கு. 250 பேர் உக்காரலாம். நீங்க சீர் எதுவும் கொண்டு வர வேணாம். அப்பளக் கட்டு 20 நாங்களே வாங்கி வச்சிருக்கோம். அம்பாசமுத்திரம் ஸ்டேஷன்ல வேன் காத்திருக்கும்.” அம்பை என்று விட்டால் சம்பந்தி ரயில் அட்டவணையில் தேடித் தவித்துப்போவார், அதனால் முழுப்பெயர். ‘உக்காரலாம்’ போன்றவற்றை நான் தொடவில்லை. எல்லாவற்றையும் செந்தமிழாக்கினால் சித்தப்பா பட்டிமன்ற நடுவர் ஆகிவிடுவார். பொருள் மாறுகிற விகுதியை மட்டும் நிறைத்தால் போதும்.

மறுநாள் புனேயிலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. மிகுந்த மகிழ்ச்சி, மண்டபம் அமைந்ததில் நிம்மதி, கதவைச் சாத்து நாய் உள்ளே வந்துவிடும், நாங்கள் 40 பேர் வருகிறோம் என்றிருந்தது. வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சித்தப்பா கொஞ்சநேரம் யோசித்தார்.

“நாயையும் சேத்து நாப்பதான்னு கேளு.”