எலிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பவும்

பெறுநர்: வட்டாரக் கல்வி அலுவலகம்.
அனுப்புநர்: பதினேழு பிள்ளைகளுக்கும் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார்.
பொருள்: மாணவர் வருகைப் பதிவேடு எலியால் கடிபட்டது, தொடர்பாக.
பார்வை: பதிவேட்டின் பின்னட்டை உட்புறம் விழிப்புணர்வுத் தாள் ஒட்டுமாறு தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை.

ஐயா,

வெள்ளிக்கிழமை காலை பீரோவைத் திறந்தால் பதிவேடு கந்தலாகக் கிடந்தது. திங்கட்கிழமை தங்கள் ஆண்டாய்வு. எலியின் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. தாளை ஒட்டச் சொன்னீர்கள், பசை அனுப்பவில்லை. சத்துணவு அடுப்பில் கைப்பிடி மைதாவைக் காய்ச்சி நானே ஒட்டினேன். மைதா வாசனைக்கு வந்த எலி பின்னட்டையில் தொடங்கி, வெற்று மாதங்களைக் கடந்து, ஜூலையின் வலப்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டது. விழிப்புணர்வுத் தாளை முழுதாகத் தின்றிருக்கிறது. அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் பார்த்த உயிர் அது ஒன்றுதான்.

போனது 16 முதல் 31 வரை. சனி, ஞாயிறு, மொகரம் போக 11 வேலை நாள். பதினேழு பிள்ளைகள், காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு. ஆக 374 கட்டங்கள். ஆகஸ்டில் ஒரே நாள் போனது, அது நினைவில் இருக்கிறது.

சக ஆசிரியர் ஒருவர் போனில் யோசனை சொன்னார்: "புது நோட்டு வாங்கி, எல்லாருக்கும் வருகை போட்டுட்டுப் படுங்க சார்." படுத்திருப்பேன், முட்டைதான் விடவில்லை. சத்துணவுப் பதிவேட்டில் தினமும் எத்தனை முட்டை அவித்தது என்று இருக்கிறது. பதினேழு பேர் வந்த நாளில் பதினான்கு முட்டை என்றால் நான் பொய்யன் அல்லது அமைப்பாளர் அம்மா திருடி. அந்த அம்மாவை நான் பகைத்துக்கொண்டால் பள்ளியில் அடுப்பெரியாது. தவிர, ஒரே பேனாவில் ஒரே அழுத்தத்தில் எழுதிய பக்கம் ஒரே ராத்திரியில் எழுதியது என்று யாருக்கும் தெரிந்துவிடும். உண்மையான பதிவேட்டில் நீலம், கறுப்பு, மை தீர்ந்த அன்று பென்சில், எல்லாம் இருக்கும். அழகான பதிவேட்டைப் பார்த்து மகிழ்வது ஆய்வுக்கு வருகிறவர்கள் மட்டுமே.

செயலியில் இருக்குமே என்பீர்கள். இருக்கிறது, எட்டு நாளுக்கு. மீதி மூன்று நாளும் தண்ணீர்த்தொட்டி ஏணியில் ஏறி நின்றும் சிக்னல் கிடைக்கவில்லை.

அந்த மூன்றில் 18-ஆம் தேதி வியாழனை மட்டும் சொல்கிறேன். அன்று 14 முட்டை, ஒரு வாழைப்பழம். முட்டை தின்னாத பிள்ளை எங்கள் பள்ளியில் ஒருத்திதான். எனவே அவள் வந்திருக்கிறாள். முட்டை தின்கிற பதினாறில் இரண்டு பேர் வரவில்லை. எந்த இரண்டு? சொல்வதெழுதுதல் நோட்டுகளை எடுத்துத் தேதி தேடினேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டில் 16 இருக்கிறது, 19 இருக்கிறது, நடுவில் 18 இல்லை. மற்ற நோட்டுகளில் எல்லாம் இருக்கிறது. அவள் தம்பி ஒன்றாம் வகுப்பு, சொல்வதெழுதுதல் கிடையாது. ஆனால் அக்கா கையைப் பிடிக்காமல் அவன் எங்கள் வாசல்படி ஏறியதே இல்லை. வியாழன் ஆட்டுச்சந்தை, அம்மாவும் அப்பாவும் ஆடு ஓட்டிப் போயிருப்பார்கள், வீட்டுக்குக் காவல் இந்த இருவர். அக்காவுக்கு மையிலும் தம்பிக்குப் பென்சிலிலும் 'வரவில்லை' போட்டேன். ஊகத்துக்குப் பென்சில் போதும்.

மதியத்துக்கு மேல் கணக்கு என்னிடம் இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிய கையோடு மாடு மேய்க்கப் போகிற பையன் ஒருவன் உண்டு. அவன் முட்டை அவன் மதியம் வரை இருந்ததை மட்டும் சொல்லும். செயலியும் நாளுக்கு ஒருமுறைதான் கேட்கிறது. அதனால் அந்த 11 நாளில் சந்தேகமான மாலைக் கட்டங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். சராசரி வருகையைப் போட இதனால் முடியவில்லை.

இங்கேதான் தங்கள் அலுவலகத்தின் உதவி தேவைப்படுகிறது. புதுப் பதிவேடு கேட்டு விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தோடு நடப்புப் பதிவேட்டின் சராசரி வருகைச் சுருக்கத்தை இணைக்க வேண்டுமாம். அதை எலியிடம் கேட்டுப் பெற வழிகாட்டும்படி பணிவுடன் கோருகிறேன். எனக்கு 17ஏ-யில் விளக்கம் கேட்பது என்றால், அதே நகலை எலிக்கும் சார்வு செய்ய வேண்டுகிறேன். அது பீரோவுக்குப் பின்னால் வசிக்கிறது. நான் பார்க்கிறபோதெல்லாம் பணியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும்.

கந்தல் பக்கங்களை ஒரு உறையில் போட்டுச் சத்துணவுப் பதிவேட்டோடு சேர்த்து மேசையில் வைத்திருக்கிறேன். திங்களன்று தாங்கள் வரும்போது பிள்ளைகள் மணி அடித்ததும் உள்ளே இருப்பார்கள். தலையை எண்ணிப் பார்க்க வசதியாக வரிசையாக உட்கார வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இடைநிலை ஆசிரியர்

பின்குறிப்பு: இந்தக் கடித உறையை ஒட்டவில்லை, பின் அடித்திருக்கிறேன். தங்கள் பீரோவிலும் எலி இருக்கலாம்.