ரோஜாப்பூ ஓரமிட்ட மின்தடை

மின்தடை அறிவிப்பை ஓர் அலுவலகம் தன் இணையதளத்தில் ஏற்றியிருக்கிறது. ரோஜாப்பூ ஓரம், தங்க நிற எழுத்து, எல்லாம் ஒரே படம். தெருப் பெயரைத் தட்டித் தேடுபவருக்கு அது பெரும்பாலும் அகப்படாது. தேடுபொறிக்கு எழுத்து வேண்டும், இங்கே இருப்பதோ வண்ணப் புள்ளிகள். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் சிரத்தையாக "IMG_2047.jpg" என்று வாசித்துவிட்டு நகர்கிறது. எங்கே மின்சாரம் போகும் என்பது பரம ரகசியம்.

எழுத்துரு கிடைக்காத காலத்தில் படம் சரி. இன்று சாதாரணக் கைபேசியிலேயே யூனிகோட் தமிழ் தெரிகிறது. தேதி, நேரம், தெருக்களை எழுத்தாகவே தட்டச்சு செய்யலாம். தங்க நிறத்தை CSS பார்த்துக்கொள்ளும். படம்தான் வேண்டுமென்று மேலதிகாரி அடம்பிடித்தால், அதே விவரங்களைப் படத்துக்குக் கீழேயும் எழுதுங்கள். alt-இல் "அறிவிப்பு" என்று மட்டும் போடுவது, கதவைத் திறந்து "வீடு" என்று சொல்வது மாதிரி. ரோஜாப்பூவைத் தனிப் படமாக வைத்தால் அதற்கு மட்டும் alt="" போதும்; அதை யாரும் தேடவில்லை.